பதினாறு என்றால் எந்தப் பதினாறு?

மார்கழி விடுமுறைக்கு இலண்டனிலிருந்து வந்த நம் மருமகன், வந்த மூன்றாம் நாளே ஒரு யோசனையை முன்வைத்தான். அங்கே ஞாயிறு தோறும் ஒரு கழகத்தாரோடு கூடித் துவிச்சக்கர வண்டியிற் செல்வது அவன் வழக்கம். இங்கும் ஒருநாள் பலருங் கூடிப் பருத்தித்துறை வரை போய்வந்தால் என்ன என்றான். நாமும் நாற்பதைக் கடந்தபின் உடலசைவு குறைந்திருப்பதை உணர்ந்த காலமாதலால் உடனே இசைந்தோம். நம்மோடு கற்பிக்கும் ஆசிரியர் இருவர், மேல்வகுப்பு மாணவர் ஐவர், அவர்களுட் சிலரின் தந்தையர் இருவர், மருமகன், நாம் எனப் பதினொருவர் சேர்ந்தோம்.

பயணக் குறிப்பை எழுதும் பொறுப்பை நாமே எடுத்துக்கொண்டோம். கணிதம் கற்பிப்பவன் இருக்கும்போது வேறொருவர் எதற்கு என்ற சிறு செருக்கும் அதில் இருந்தது. நகரின் ஓரத்திலுள்ள நம் வீட்டிலிருந்து பருத்தித்துறையை அடுத்த தும்பளையிலுள்ள உறவினர் வீடு வரை தூரம் எவ்வளவு என்று கைத்தொலைபேசியிற் பார்த்தோம். 32 என்று காட்டிற்று. மருமகனை அழைத்து, "என்ன வேகத்திற் போகலாம்?" என்றோம்.

"பதினாறிலே போகலாம் மாமா. எங்கள் கழகத்தில் நடுத்தரமான குழு அப்படித்தான் போகும். எல்லாருக்கும் சுகமாக இருக்கும்" என்றான்.

முப்பத்திரண்டைப் பதினாறாற் பிரித்தோம். இரண்டு மணித்தியாலம் வந்தது. காலை 6.30க்குப் புறப்பாடு, 8.30க்குத் தும்பளை, அங்கே இடியப்பமும் சம்பலும் என்று எழுதி, மேலே "வேகம்: 16" என்று கொட்டை எழுத்திற் பொறித்து, பதினொருவருக்கும் பிரதி கொடுத்தோம். நம் ஊர்ச் சாதாரண வண்டியில், பை ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே போகிற ஒருவரின் வேகம் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 16 கிலோமீற்றர்தான். ஆகவே தாளைப் பார்த்த எவருக்கும் ஐயம் எழவில்லை.

பிழை அந்த ஒற்றை எண்ணுக்குள்ளே ஒளிந்திருந்தது. பிரித்தானியாவில் இன்றும் வீதிப் பலகைகள் மைலிலேயே தூரத்தைச் சொல்கின்றன; வேகக் கட்டுப்பாடும் மைலிலேயே இருக்கிறது. அங்கே வளர்ந்த பிள்ளை "பதினாறு" என்றால் மணித்தியாலத்துக்கு 16 மைல் என்றுதான் பொருள். அஃது ஏறத்தாழ 26 கிலோமீற்றர். நாமோ கிலோமீற்றரில் அளந்த தூரத்தை மைலிற் சொன்ன வேகத்தாற் பிரித்திருந்தோம்.

கோப்பாயைத் தாண்டுமுன்பே கூட்டம் இரண்டாயிற்று. மருமகன், நண்பர் ஒருவரிடம் இரவலாகப் பெற்ற மெல்லிய பந்தய வண்டியில் முன்னே சென்றான். மாணவர் மூவர் அவனை விடாமல் தொடர்ந்தனர். தாளில் எழுதியிருக்கிற வேகம் இதுதான் போலும், பின்தங்குவது நம் குறை என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. நாமும் மற்றையோரும் நம் பதினாறில், அதாவது கிலோமீற்றர்ப் பதினாறில், அமைதியாகப் பின்னே சென்றோம். முன்னே போனவர்கள் இளமைத் துடுக்கிற் பறக்கிறார்கள் என்று அங்கலாய்த்தபடியே சென்றோம்.

புத்தூரையும் ஆவரங்காலையும் கடந்து வல்லை வெளிக்குள் நுழைந்தபோது வாடைக்காற்று முகத்தில் அறைந்தது. வல்லை வெளியை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: வீதியின் இருபுறமும் நீரும் சேறும் வெட்டவெளியும், காற்றைத் தடுக்க மரமோ மதிலோ இல்லை. மார்கழி, தை மாதங்களில் வடகிழக்கிலிருந்து வீசும் வாடை, பருத்தித்துறை நோக்கிப் போகிறவனுக்கு நேர் எதிர். அங்கே வீதியோரத்தில் ஒரு வண்டி சாய்ந்து கிடந்தது. அருகே பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் முழங்காலுக்கிடையே தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். முகம் வெளிறியிருந்தது, ஒருமுறை வாந்தியும் எடுத்திருந்தான். காலையில் எதுவும் உண்ணாமற் புறப்பட்டவன், போகும் வழியில் தண்ணீரும் குடிக்கவில்லை. குடிப்பதற்கு நின்றால் பின்தங்கிவிடுவோம் என்று அஞ்சினானாம். ஏறியிருந்ததோ தந்தையின் கனத்த பழைய வண்டி; பற்சக்கரம் மாற்றும் வசதி அற்றது. தேசிக்காய்த் தண்ணீரில் உப்பும் சீனியும் இட்டு மெல்ல மெல்லக் கொடுத்தோம். அரைமணித்தியாலத்தில் எழுந்து நடந்தான். பெரிய ஆபத்தொன்றும் நேரவில்லை. ஆனால், "என்னாலதான் எல்லாரும் நிக்க வேண்டி வந்தது சேர்" என்று அவன் வருந்திய வார்த்தை நம்மைச் சுட்டது. குற்றம் நம் தாளில் இருந்தது, அவன் மீதன்று.

மருமகன் எட்டு மணிக்கு முன்பே தும்பளையை அடைந்துவிட்டான். அவன் கணக்கில் அதுவும் சரியே. அவனுடைய தொலைபேசி அதே பாதையை 20 மைல் என்று காட்டியிருந்தது. இருபதைப் பதினாறாற் பிரித்தால் ஒன்றேகால் மணித்தியாலம், 7.45க்குப் போய்ச் சேர வேண்டியவன், எதிர்க்காற்றினாற் சிறிது தாமதித்தான். "8.30 என்று ஏன் எழுதினீர்கள் மாமா, மெல்ல வருகிறவர்களுக்காகச் சேர்த்துப் போட்ட நேரம் என்று நினைத்தேன்" என்றான். இருவருடைய "பதினாறும்" ஒன்றோடொன்று மோதிக்கொண்டபோதும், ஒருவரும் மற்றவரைக் கேள்வி கேட்கவில்லை.

இந்தக் கலப்புப் பிழையில் மாணவர் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. 32 கிலோமீற்றரை 16 மைல் வேகத்தாற் பிரித்தபோது இரண்டு மணித்தியாலம் வந்தது. அது நம்பக்கூடிய விடை. இதையே தலைகீழாகக் கலந்திருந்தால், அதாவது 20 மைல் தூரத்தைக் கிலோமீற்றர் வேகமான 26ஆற் பிரித்திருந்தால், 46 நிமிடம் என்று வந்திருக்கும். பருத்தித்துறைக்கு முக்கால் மணித்தியாலத்திற் சைக்கிளிற் போக முடியாது என்பது இங்கு சிறு பிள்ளைக்கும் தெரியும். உடனே பிழையைக் கண்டிருப்போம். ஒரு திசையிற் செய்த கலப்பு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்; மற்றத் திசையிற் செய்தது நல்ல பிள்ளை போல அமர்ந்திருக்கும். நாம் செய்தது இரண்டாவது வகை.

இனி மாற்றும் முறைக்கு வருவோம். ஒரு மைல் என்பது 1.609344 கிலோமீற்றர். 1959ஆம் ஆண்டில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் வேறு சில ஆங்கிலம் வழங்கும் நாடுகளும் ஒரு யாரை 0.9144 மீற்றர் என்று உடன்பட்டு நிலைநிறுத்தியதால் வந்த எண் அது; ஒரு மைலுக்கு 1760 யார் அல்லவா? வீதியில் இத்தனை தசம தானங்கள் தேவையில்லை. எட்டின் கீழ் ஐந்து என்ற பின்னமே போதும். ஐந்து மைல் எட்டுக் கிலோமீற்றர்.

மைலைக் கிலோமீற்றராக்க, எண்ணோடு அதன் பாதியையும் பத்திலொன்றையும் கூட்டுக. பதினாறின் பாதி 8, பத்திலொன்று 1.6, ஆகக் கூடுதல் 25.6. கிலோமீற்றரை மைலாக்க, எண்ணின் பாதியோடு எட்டிலொன்றைக் கூட்டுக. பதினாறின் பாதி 8, எட்டிலொன்று 2, கூடினால் 10. எனவே நம் பதினாறு மருமகனுக்குப் பத்து. அவன் பதினாறு நமக்கு இருபத்தைந்தரைக்கு மேல். பெருக்குவதா பிரிப்பதா என்று தடுமாறுகிறவர்கள் ஒன்றை நினைவிற்கொண்டாற் போதும்: கிலோமீற்றர் சிறிய அளவு, ஆகவே அதே வேகத்தைச் சொல்ல அதிக எண்ணிக்கை வேண்டும். கிலோமீற்றர் எண் எப்போதும் பெரியது.

பிபொனாச்சி தொடரைப் படித்த மாணவர்கள் இதில் ஒரு வேடிக்கையையும் காணலாம். 5, 8, 13, 21, 34 என்று செல்லும் அத்தொடரில் ஓர் எண்ணை மைலாகக் கொண்டால் அடுத்த எண் ஏறத்தாழ அதன் கிலோமீற்றர். 13 மைல் 21 கிலோமீற்றர். 21 மைல் 34 கிலோமீற்றர். தொடரின் அடுத்தடுத்த எண்களின் விகிதம் 1.618ஐ நெருங்குவதும் மைலின் விகிதம் 1.609 ஆயிருப்பதும் தற்செயல். வேறு மருமம் ஒன்றுமில்லை.

1.609 இருக்க 1.6 என்று கொள்வது குற்றமாகாதா என ஒரு மாணவி வகுப்பிற் கேட்டாள். இருபது மைலை இரண்டு முறையிலும் மாற்றிப் பார்க்கும்படி சொன்னோம். 32 கிலோமீற்றர் ஒன்று, 32.19 மற்றொன்று. வேறுபாடு இருநூறு மீற்றருக்கும் குறைவு. நம் வேகத்தில் ஒரு நிமிடமும் ஆகாது. ஒரு புகையிரதக் கடவையில் நின்றால் அதைவிட அதிக நேரம் போகும். தசமத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்படுகிற நாம், அறுபது வீதப் பிழையைத் தரும் அளவின் பெயரை எழுத மறந்தோம் என்பதே நகைப்புக்கிடமானது.

அறுபது வீதம் என்றால் உடலுக்கும் அறுபது வீதம் அதிக உழைப்பு என்று எண்ணிவிடலாகாது. மாணவன் ஏன் வல்லையில் விழுந்தான் என்பது இங்கேதான் விளங்கும். (பாடநூலிற் கதி என்போம், இங்கே ஊர்வழக்கை ஒட்டி வேகம் என்றே எழுதுகிறோம்.) சமதரையிற் செல்லும் சைக்கிளோட்டிக்கு, வேகம் ஏற ஏற, காற்றே முதன்மையான பகைவன். காற்றின் தடைவிசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்கிறது. அதை வெல்லக் கால்கள் கொடுக்கவேண்டிய வலு வேகத்தின் கனத்துக்கேற்ப வளர்கிறது. வேகம் 1.6 மடங்கானால், காற்றுக்குக் கொடுக்கும் வலு 1.6ஐ மும்முறை பெருக்கிய அளவு, அதாவது நான்கு மடங்குக்கும் சற்று மேல். சில்லு உருள்வதற்கான வலு அவ்வாறு ஏறாது, 1.6 மடங்குதான். ஆகவே மொத்த உழைப்பு முழுமையாக நான்கு மடங்காகாது. எனினும் அதை நோக்கியே போகும். இது காற்றில்லாத நாளின் கணக்கு. எதிர்க்காற்று வீசினால் இன்னும் மோசம்.

மருமகன் முதுகுக்குப் பின்னே ஒட்டிச் சென்றவரை அம்மாணவனுக்கு அந்த வலு முழுவதும் தேவைப்படவில்லை. முன்னவன் காற்றைக் கிழித்துச் செல்ல, பின்னவன் அந்த ஒதுக்கிலே செல்கிறான். இதனாலேயே கழகத்தார் நெருங்கி ஓட்டுகிறார்கள். ஒரு வண்டி நீளம் பின்தங்கியதும் அந்த ஒதுக்குக் குறையும். பத்து வண்டி நீளம் பின்தங்கியதும் இல்லாமலே போகும். களைத்தவன் பின்தங்குவான், பின்தங்கியதும் முன்னிலும் அதிகமாக உழைக்கவேண்டும். குழுவின் வேகம் ஒருவனுக்குச் சிறிதே மிகையானாலும் அவன் சிறிது மட்டும் பின்தங்காமல் முற்றாக அறுந்து போவதன் காரணம் இதுவே.

முழு எண்களைப் பற்றியும் ஒரு சொல். மனிதர் வேகத்தைத் தம் அளவிலே முழு எண்ணாகவே சொல்வர். 1956இல் இங்கிலாந்தில் இரே பூட்டி என்பவர் நூறு மைலை நான்கு மணித்தியாலத்துக்குள் ஓட்டி முடித்தபோது அது பெருஞ்சாதனையாயிற்று. நூறும் நான்கும் மணித்தியாலத்துக்கு 25 மைலும் அழகிய எண்கள் அல்லவா? கிலோமீற்றரில் அவ்வெல்லை 40.2, அந்த எண்ணுக்காக யாரும் கனவு காணமாட்டார்கள். மாற்றும்போது இம்முழு எண் ஆசை நம்மைக் கெடுக்கும். குழுவில் மெலிந்தவரால் நாள் முழுதும் 18 கிலோமீற்றர் வேகத்திற் செல்ல முடியும் என்று வைத்துக்கொள்வோம். மைலில் அது பதினொன்றேகால். ஒருவர் அதைப் பன்னிரண்டு என்று வட்டமாக்கிச் சொல்கிறார். கேட்டவர் பன்னிரண்டு மைலைத் திரும்ப மாற்றி 19 என்கிறார், மூன்றாமவர் இருபதாக்கிவிடுகிறார். மெலிந்தவரைக் கேளாமலே அவர் வேகம் இரண்டு கிலோமீற்றர் ஏறிவிட்டது. ஆதலால் குழுவின் வேகத்தை மாற்றும்போது எப்போதும் கீழ்நோக்கியே வட்டமாக்குவது நாம் இப்போது கைக்கொள்ளும் வழக்கம். மேலும், முதலிற் சொன்ன எண்ணையே தாளில் முன்னே எழுதி, மாற்றிய எண்ணை அதனருகே எழுதுகிறோம். மாற்றியதை மீண்டும் மாற்றுவதில்லை.

வண்டியிற் பூட்டும் வேகமானியும் ஏமாற்றும். அதனுள்ளே மைல், கிலோமீற்றர் என்று மாற்றும் ஏற்பாடு உண்டு. வெளிநாட்டு உறவினர் அனுப்பியது பெரும்பாலும் அனுப்பியவர் நாட்டு அளவிலேயே இருக்கும். சோதிக்க ஒரு மணிக்கூடும் வீதியோரக் கிலோமீற்றர்க் கல்லும் போதும். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குச் சீராக ஓட்டி நேரத்தைப் பாருங்கள். மூன்றே முக்கால் நிமிடம் ஆனால் வேகம் 16 கிலோமீற்றர்; மூன்று நிமிடமானால் 20; இரண்டரை நிமிடமானால் 24. மூன்றே முக்கால் நிமிடத்தில் ஓட்டும்போது கருவி 10 என்று காட்டினால், அது மைலிற் பேசுகிறது. 14 என்றோ 18 என்றோ காட்டினால் அளவு சரி. சில்லின் சுற்றளவைப் பிழையாகப் பதிந்திருக்கிறார்கள். இரண்டு நோய்க்கும் மருந்து வேறு என்பதால் முதலில் எது என்று அறிவது நல்லது. நம் முதியோர் இன்றும் "அஞ்சு கட்டை" என்று மைலைச் சொல்வர். இப்போதுள்ள கல்லோ கிலோமீற்றர்க் கல். வழி கேட்கும்போது அதையும் மறத்தலாகாது.

ஆவணி விடுமுறையில் அதே பயணத்தை மீண்டும் வகுத்தோம். மருமகன் இலண்டனில் இருந்தான். எனினும் தாளைத் தொலைபேசியில் அவனுக்கும் அனுப்பி, பிழை பிடிக்குமாறு கேட்டோம். இம்முறை வேகத்தை முடிவு செய்தவன் வல்லையில் அமர்ந்த அந்த மாணவனே. முந்திய வாரத்தில் அவனைத் தனியே ஒரு மணித்தியாலம் ஓட்டச் சொன்னோம். காற்றில்லாத காலையில், பேசிக்கொண்டே, 17 கிலோமீற்றர் சென்றான். குழுவின் வேகத்தை 16 என்று வைத்தோம். ஆனால் ஆவணியில் வீசுவது சோளகக்காற்று. அது தென்மேற்கிலிருந்து வருவதால் போகும்போது முதுகைத் தள்ளும். திரும்பும்போது முகத்தில் அடிக்கும். போகையில் 20 கிலோமீற்றர், அதாவது 12.5 மைல், வருகையில் 12 கிலோமீற்றர், அதாவது 7.5 மைல் என்று மதிப்பிட்டோம்.

மருமகன் உடனே பதில் அனுப்பினான்: "பன்னிரண்டரையும் ஏழரையும் சேர்ந்தால் இருபது; சராசரி பத்து மைல். போகவர நாற்பது மைல். நான்கு மணித்தியாலம். சரிதானே மாமா?" அளவை மாற்றுவதில் அவனிடம் பிழையில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. 32 கிலோமீற்றரை 20 வேகத்திற் செல்ல 1 மணித்தியாலம் 36 நிமிடம். 12 வேகத்தில் திரும்ப 2 மணித்தியாலம் 40 நிமிடம். கூட்டினால் 4 மணித்தியாலம் 16 நிமிடம். மெல்லச் செல்லும் பாதியிலேயே அதிக நேரம் கழிவதால், உண்மையான சராசரி 16 கிலோமீற்றர் அன்று, 15தான். மைலிற் சொன்னால் பத்தன்று, ஒன்பதே முக்காலுக்கும் குறைவு. எந்த அளவிற் செய்தாலும் இப்பிழை அப்படியே இருக்கும். ஆகவே வேகங்களைக் கூட்டிச் சராசரி காணாமல், ஒவ்வொரு பகுதிக்கும் நேரத்தைக் கண்டு நேரங்களைக் கூட்டினோம். நேரத்தைக் கூட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு: இலண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் நிமிடம் ஒன்றே. அதை மாற்றவேண்டியதில்லை.

பதினாறு நிமிடம் என்ன பெரிதா என்று ஒரு தந்தையார் கேட்டார். அந்தப் பதினாறும் திரும்பும் வழியில் மட்டும் நோக்கினால் நாற்பதாகும். குழுவின் பொதுவேகம் 16 என்று கொண்டு இரண்டு மணித்தியாலத்தில் திரும்பிவிடலாம் என எண்ணியிருந்தால், மாலை 4 மணிக்குப் புறப்பட்டு, ஓய்வுக்கு இருபது நிமிடம் விட்டு, 6.20க்கு வெளிச்சத்தோடே வீடு சேரலாம் என்று தோன்றும். உண்மையில் ஏழு மணியாகியிருக்கும். ஆவணியில் இங்கே ஆறரையளவிற் கதிரவன் மறைகிறது. எங்கள் வண்டிகளில் நாலைந்துக்கு விளக்கில்லை. எனவே திரும்பும் புறப்பாட்டை 3 மணிக்கு வைத்தோம்.

புதிய தாளின் தலைப்பில் இவ்வாறு எழுதினோம்: "போகையில் மணித்தியாலத்துக்கு 20 கிலோமீற்றர் (12 மைல்), 1 மணி 36 நிமிடம். வருகையில் மணித்தியாலத்துக்கு 12 கிலோமீற்றர் (7 மைல்). 2 மணி 40 நிமிடம். நிற்கும் நேரம் புறம்பு." மைலைக் கீழ்நோக்கி வட்டமாக்கியிருப்பதை வாசகர் கவனிப்பர். ஒவ்வொரு ஊரையும் எத்தனை மணிக்குக் கடக்கவேண்டும் என்பதையும் கீழே எழுதினோம். ஓட்டும்போது எவரும் வகுத்தல் செய்யமாட்டார். புத்தூரில் மணிக்கூட்டைப் பார்த்தால், குழு விரைகிறதா பிந்துகிறதா என்று தெரிந்துவிடும்.

அன்று அம்மாணவனே முன்னே சென்றான். அவனை எவரும் முந்தலாகாது என்பது ஒன்றே நிபந்தனை. போகும்போது காற்று நாம் மதித்ததிலும் நன்றாகத் தள்ளிற்று. தும்பளையில் ஆறு நிமிடம் முன்னதாக நின்றோம். இடியப்பம் இன்னும் அடுப்பில் இருந்தது. திரும்புகையில் வல்லை வெளியில் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கி, முன்னே செல்பவரை ஐந்து நிமிடத்துக்கொரு முறை மாற்றிக்கொண்டோம். அவ்வெளி முடியும்வரை மட்டும் முந்தும் தடையை அவனே தளர்த்தினான். வீட்டு வாசலில் இறங்கியபோது மணி 6.04. மருமகனுக்கு அதை எழுதினோம். மறுநாட் காலை அவன் கேட்டது ஒன்றே: "அந்த 6.04 எந்த நாட்டு நேரம் மாமா?"